ருமாட்டிக் காய்ச்சல் திரும்பாமலிருக்க: ஊசியா மாத்திரையா, எத்தனை நாளுக்கு ஒருமுறை, டெஸ்ட் டோஸ் வேண்டுமா?

ஒன்பது வயதுச் சிறுமி, எடை 26 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தொண்டைவலி வந்து மூன்று வாரம் கழித்து முழங்காலும் கணுக்காலும் மாறி மாறி வீங்கின. எக்கோ எடுத்ததில் இதயத்தின் மைட்ரல் வால்வில் லேசான கசிவு தெரிந்தது. ருமாட்டிக் காய்ச்சல் என்றார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் பென்சத்தீன் பெனிசிலின் ஊசி என்று எழுதி, தொடர்ந்து போட வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் கேள்விகள் எழும். மாத்திரையாகக் கொடுத்தால் போதாதா? மாதம் ஒன்றா, மூன்று வாரத்துக்கு ஒன்றா? ஒவ்வொரு முறையும் கையில் ஒவ்வாமை டெஸ்ட் போட வேண்டுமா? இந்த வலியை எத்தனை வருஷம் தாங்குவாள்?

கடைசிக் கேள்விக்கான பதிலை முதலில் சொல்லிவிட்டால் மற்றவை எளிதாகும். இதயத்தில் லேசான பாதிப்பு இருந்தவர்களுக்குக் கடைசித் தாக்குதலிலிருந்து 10 ஆண்டுகள், அல்லது 25 வயது வரை, இதில் எது பிந்தியதோ அதுவரை என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லிவந்த அளவு. அமெரிக்க இதயச் சங்கம், வால்வில் பாதிப்பு மிஞ்சாதவர்களுக்கு 10 ஆண்டு அல்லது 21 வயது என்கிறது. இதயம் பாதிக்கப்படாத குழந்தைகளுக்கு 5 ஆண்டு அல்லது 18 வயது. வால்வு கடுமையாகக் கெட்டுப்போனவர்களுக்கும் வால்வு அறுவை செய்தவர்களுக்கும் 40 வயது வரையிலோ ஆயுள் முழுவதுமோ. நம் சிறுமிக்கு முதல் கணக்கின்படி 16 ஆண்டுகள். இத்தனை நீண்ட காலம் என்பதால்தான் முதல் சில ஊசிகள் எப்படிப் போடப்படுகின்றன என்பது முக்கியமாகிறது. ஒன்பது வயதில் ஊசி அறையைப் பார்த்து மிரண்ட பிள்ளை 15 வயதில் வரமாட்டேன் என்று சொல்லிவிடும்.

மாத்திரை ஏன் தோற்கிறது

ருமாட்டிக் காய்ச்சலை மூட்டுவது தொண்டையில் வரும் ஒருவகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி. ஒருமுறை இந்நோய் வந்த குழந்தைக்கு அதே கிருமி மறுபடி தொண்டையில் ஒட்டினால், உடலின் எதிர்ப்புச் சக்தி மறுபடி வால்வின் மேலேயே பாயும் வாய்ப்பு மிக அதிகம். தொண்டைவலி தெரியாமலேகூட இது நடக்கும். ஆகவே "தொண்டை வலித்தால் மருந்து கொடுக்கலாம்" என்பது இங்கே செல்லாது. கிருமி வரும் நாளில் பெனிசிலின் ஏற்கனவே ரத்தத்தில் இருக்க வேண்டும்.

பென்சத்தீன் பெனிசிலின் நீரில் எளிதில் கரையாத உப்பு. சதைக்குள் போட்டால் அங்கேயே தங்கி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ரத்தத்தில் கலக்கும். மாத்திரையாக வரும் பெனிசிலின் வி 250 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை. அது சில மணி நேரத்தில் ரத்தத்தைவிட்டுப் போய்விடும். வருஷத்துக்கு 730 மாத்திரை. நன்றாக இருக்கும் குழந்தைக்கு, எந்த வலியும் காய்ச்சலும் இல்லாதபோது, 16 ஆண்டுகள் ஒரு வேளையும் விடாமல் கொடுக்கும் வீடு அரிது.

நியூயார்க்குக்கு அருகே இர்விங்டன் ஹவுஸ் என்ற இடத்தில் 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் மூன்று வழிகளை நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். 100 குழந்தைகளை ஓராண்டு கவனித்தால் ருமாட்டிக் காய்ச்சல் திரும்பியது, பெனிசிலின் மாத்திரையில் ஏறத்தாழ 5.5 பேருக்கு, சல்ஃபாடயசின் என்ற வேறொரு மருந்தின் மாத்திரையில் 2.8 பேருக்கு, ஊசியில் 0.4 பேருக்கு. மருந்து பழசு, ஆய்வும் பழசு. ஆனால் வித்தியாசம் அவ்வளவு பெரிது என்பதால் இன்றுவரை ஊசிதான் முதல் தேர்வாக நிற்கிறது.

அதற்காக மாத்திரை எல்லோருக்கும் தவறு என்று சொல்ல முடியாது. உண்மையான பெனிசிலின் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு எரித்ரோமைசின் 250 மில்லிகிராம் இரண்டு வேளையோ, சல்ஃபாடயசினோ (27 கிலோ வரை தினம் 500 மில்லிகிராம், அதற்கு மேல் 1 கிராம்) தான் வழி. இன்னொரு கூட்டம் உண்டு. இது பலருக்குத் தெரியாது. வால்வு மிகக் கடுமையாகச் சுருங்கியோ கசிந்தோ, இதயத்தின் பம்ப் செய்யும் திறன் குறைந்தோ உள்ள பிள்ளைகள் சிலர் ஊசி போட்ட சில நிமிடங்களில் சரிந்து இறந்திருக்கிறார்கள். அந்த மரணங்களை எல்லோரும் பெனிசிலின் ஒவ்வாமை என்றே எழுதிவைத்தார்கள். 2022ல் அமெரிக்க இதயச் சங்கம் இவற்றை ஆராய்ந்து, பல மரணங்கள் ஒவ்வாமையின் சாயலிலேயே இல்லை, வலியாலும் பயத்தாலும் ரத்த அழுத்தம் திடீரென விழுந்ததை அந்த இதயம் தாங்கவில்லை என்பதே பொருத்தமான விளக்கம் என்று சொல்லி, இப்படிப்பட்டவர்களுக்கு மாத்திரையைத் தீவிரமாக யோசிக்கச் சொன்னது. லேசான கசிவு மட்டும் உள்ள நம் சிறுமி இந்தக் கூட்டத்தில் சேரமாட்டாள். படுத்தால் மூச்சு வாங்கும், நாலு படி ஏறினால் நிற்க வேண்டும் என்ற நிலையில் உள்ள பிள்ளைக்கு, அடுத்த ஊசிக்கு முன் இதய மருத்துவரிடம் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

21 நாளா, 28 நாளா, 15 நாளா

"மாத ஊசி" என்று பேச்சில் சொன்னாலும் கணக்கு அவ்வளவு எளிதல்ல. ஊசி போட்ட முதல் இரண்டு வாரம் ரத்தத்தில் மருந்து தாராளமாக இருக்கும். நான்காம் வாரத்தில் பல குழந்தைகளுக்கு அது கிருமியைத் தடுக்கும் அளவுக்குக் கீழே போய்விடுகிறது. தைவானில் 12 ஆண்டு நடந்த ஆய்வில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை போட்டவர்களில் நோய் திரும்பிய விகிதம் 100 பேருக்கு ஆண்டுக்கு 0.25, நான்கு வாரக் குழுவில் 1.29. நோய் குறைவாகப் பரவும் நாடுகளில் 28 நாள் போதும் என்று விடுகிறார்கள். ஸ்ட்ரெப் தொற்று சகஜமாக இருக்கும், ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீடுகள் நிறைந்த நம் ஊர்களில் 21 நாள்தான் சரி.

எடைதான் அடுத்த திருப்பம். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2008 வழிகாட்டுதல் 27 கிலோவுக்கு மேல் 12 லட்சம் யூனிட் 21 நாளுக்கு ஒருமுறை, 27 கிலோவுக்குக் கீழ் 6 லட்சம் யூனிட் 15 நாளுக்கு ஒருமுறை என்கிறது. பெனிடியூர் எல்.ஏ. என்ற பெயரில் விற்கும் இந்த ஊசியின் பெட்டியில் 6, 12 என்று போட்டிருப்பது இந்த லட்சக் கணக்குதான். 26 கிலோ சிறுமிக்கு இதன்படி வருஷத்துக்கு 24 ஊசி. ஒரு கிலோ கூடி 27ஐத் தாண்டிவிட்டால் 17 ஊசி. ஆஸ்திரேலியாவில் 20 கிலோவிலிருந்தே 12 லட்சம் போடுகிறார்கள். ஆகையால் எல்லைக்கோட்டில் நிற்கும் பிள்ளைக்கு 12 லட்சத்தை 21 நாளுக்கு ஒருமுறை இப்போதே தொடங்கலாமா என்று மருத்துவரிடம் கேட்பது நியாயமான கேள்வி. ஊசி அளவு சிறியது, வலியும் சற்றுக் குறைவு என்பது 6 லட்சத்தின் பக்கம். வருஷத்துக்கு ஏழு ஊசி குறைவு என்பது 12 லட்சத்தின் பக்கம். எங்கள் சாய்வு இரண்டாவதற்குத்தான். எது ஆனாலும் ஒவ்வொரு முறையும் எடை பார்க்கச் சொல்லுங்கள். 20 கிலோவில் தொடங்கிய அளவு 35 கிலோவிலும் அப்படியே ஓடுவது அடிக்கடி நடக்கிறது.

செய்யக்கூடாத தவறு இன்னொன்று உண்டு: 12 லட்சம் எழுதியிருக்க, 6 லட்சம் பாட்டில்தான் இருக்கிறது என்று ஒன்றை மட்டும் போட்டுவிட்டு, அடுத்த தேதி 21 நாள் கழித்து என்று எழுதுவது. பாட்டிலின் மேல் உள்ள எண்ணை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள்.

வலியைக் குறைப்பதில் எது வேலை செய்கிறது

இந்த ஊசி ஏன் மற்ற ஊசிகளைவிட அதிகம் வலிக்கிறது என்றால், போவது தண்ணீரான மருந்தல்ல. கெட்டியான, நுண்ணிய படிகங்கள் மிதக்கும் பால் போன்ற கலவை. தமிழ்நாட்டில் பெரும்பாலும் கிடைப்பது பொடி. அதில் மருந்துக்குரிய சுத்த நீரை ஊற்றிக் கலக்கிப் போட வேண்டும். தண்ணீர் குறைந்தால் கலவை கெட்டியாகி ஊசியின் துளையை அடைக்கும். பாதி போனபின் அடைத்துக்கொண்டால் மறுபடி குத்த வேண்டும், எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. "மெல்லிய ஊசியாகப் போடுங்கள்" என்று பெற்றோர் கேட்பது இயல்புதான். ஆனால் 24, 26 எண் ஊசிகள் இதற்கு ஆகாது. 21 எண் போதும். நன்றாகக் கலந்திருந்தால் 23 எண்ணும் ஓடும். மருந்தை உறிஞ்சிய ஊசியாலேயே குத்தாமல் புது ஊசி மாற்ற வேண்டும். ரப்பர் மூடியைத் துளைத்த முனை மழுங்கியிருக்கும். கலந்தவுடனே போட வேண்டும். காத்திருந்தால் படிகங்கள் அடியில் படியும்.

வலியை உண்மையிலேயே குறைப்பது, மரத்துப்போகவைக்கும் லிக்னோகைன் மருந்தைக் கலப்பதுதான். நியூசிலாந்தில் இது வழக்கமாகவே இருக்கிறது. பொடி மருந்தானால், கலக்கும் நீரில் ஒரு பகுதிக்குப் பதிலாக 2 சதவீத லிக்னோகைன் 0.25 முதல் 0.5 மில்லிலிட்டர் சேர்க்கலாம். 0.5 மில்லிலிட்டரில் இருப்பது 10 மில்லிகிராம் லிக்னோகைன். கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்ற பாதுகாப்பு எல்லையில் 26 கிலோ குழந்தைக்கு 78 மில்லிகிராம் வரை இடமிருக்கிறது. போடும் நேரத்து வலியும், அதற்குப் பின் சில மணி நேரத்து வலியும் குறைகின்றன; ரத்தத்தில் பெனிசிலின் அளவு குறைவதில்லை என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஒரே நிபந்தனை, பாட்டிலில் "அட்ரினலின் சேர்த்தது" என்று இருக்கக்கூடாது. பல் வைத்தியத்துக்கு வரும் லிக்னோகைனில் அட்ரினலின் இருக்கும். இதை மருத்துவர் சீட்டில் எழுதித் தர வேண்டும். எழுதாமல் நர்ஸ் கலக்கமாட்டார், கலக்கவும் கூடாது. அதனால் சீட்டு எழுதும் நாளிலேயே கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

மற்றவை சின்ன விஷயங்கள், செலவும் இல்லை. ஃபிரிட்ஜில் இருந்த மருந்தைக் கையில் வைத்துச் சற்று வெதுவெதுப்பாக்குவது. ஸ்பிரிட் காயும்வரை பொறுப்பது. குத்தப்போகும் இடத்தைக் கட்டைவிரலால் பத்து வினாடி அழுத்திப் பிடித்துவிட்டு உடனே குத்துவது. மருந்தை ஒரு நிமிடத்துக்குக் குறையாமல், ஆனால் நடுவில் நிறுத்தாமல் தள்ளுவது, நிறுத்தினால் அடைக்கும். பிள்ளையைக் கவிழ்ந்தோ ஒருக்களித்தோ படுக்கவைத்து, மேல் காலை மடக்கி, குத்தும் பக்கத்துச் சதை தளர்ந்திருக்கும்படி செய்வது. நிற்கவைத்துப் போடும்போது சதை இறுகிவிடுகிறது, மயங்கினால் விழவும் கூடும்.

தொடையா பிட்டமா என்பதில் இரண்டுக்கும் வாதம் உண்டு. பிட்டத்தின் மேல் வெளிப்பக்கம் சதை அதிகம், வலி குறைவு. ஆனால் இடம் கொஞ்சம் உள்ளே நழுவினால் காலுக்கு ஓடும் பெரிய நரம்பு இருக்கிறது. தொடையின் வெளிப்பக்கத்தில் அந்த ஆபத்து இல்லை, ஆனால் மறுநாள் நொண்டுவார்கள். இடுப்பின் பக்கவாட்டுப் பகுதி இரண்டின் நல்லதையும் கொண்டது. அங்கே போடத் தெரிந்த நர்ஸ் கிடைத்தால் அதையே கேளுங்கள். எங்கே போட்டாலும் குத்தியபின் பிஸ்டனைச் சற்றுப் பின்னிழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்ப்பதை இந்த மருந்தில் விடக்கூடாது. ரத்தக்குழாய்க்குள் போனால் இதயம் நின்றுவிடக்கூடிய மருந்து இது. போட்ட உடனே தாங்க முடியாத வலியுடன் அந்த இடம் நீலம் பாய்ந்து வலைபோல் கறுத்தால், அல்லது பாதம் மரத்துத் தொங்கினால், வழக்கமான வலி என்று வீட்டுக்கு அழைத்துப்போகாமல் அங்கேயே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

அன்றிரவு வலிக்குப் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம், அதாவது இந்தச் சிறுமிக்கு 390 மில்லிகிராம்வரை கொடுக்கலாம். ஊசியை வெள்ளிக்கிழமை மாலைக்கு வைத்தால் மறுநாள் பள்ளிக்கு நொண்டிக்கொண்டு போக வேண்டியதில்லை.

டெஸ்ட் டோஸா, கேள்விகளும் அரைமணி நேரமுமா

பல இடங்களில் ஒவ்வொரு ஊசிக்கும் முன் முன்னங்கையில் சின்னதாக ஒரு டெஸ்ட் போடுகிறார்கள். வருஷத்துக்கு 17 ஊசி என்றால் குத்து 34. அதன் பலன் என்ன என்று பார்த்தால் மனசுக்கு ஒப்பவில்லை. முறையான பெனிசிலின் தோல் சோதனைக்கு இதற்கென்றே செய்த பொருள்கள் வேண்டும். அவை சாதாரண மருத்துவமனைகளில் இருப்பதில்லை. பல இடங்களில் போடவேண்டிய பென்சத்தீனையே ஒரு சொட்டு தோலுக்குள் விடுகிறார்கள். அது கரையாத படிகம் என்பதால் தோலை உறுத்திச் சிவக்கவைக்கும். அதைப் பார்த்து "அலர்ஜி" என்று எழுதிவிட்டால், அந்தக் குழந்தைக்கு ஆயுள் முழுக்க பெனிசிலின் கிடைக்காது. ஒவ்வாமையே இல்லாமல், சல்ஃபாடயசினின் 2.8க்கும் ஊசியின் 0.4க்கும் உள்ள வித்தியாசத்தை இழக்கிறது. மறுபக்கம், டெஸ்டில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் ஊசிக்கு ஒன்றும் ஆகாது என்ற உறுதியும் கிடையாது. "டெஸ்ட் சரி" என்றதும் குழந்தையை உடனே அனுப்பிவிடுவதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து.

மருத்துவமனை விதி என்பதால் போட்டே ஆகவேண்டும் என்றால், பென்சத்தீனில் போடாமல், நீரில் கரையும் பெனிசிலினில், பக்கத்தில் வெறும் சலைன் ஒன்றையும் ஒப்பிடப் போட்டு, 15 முதல் 20 நிமிடம் கழித்துத் தடிப்பை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அதைவிடப் பயன் தருவது கேள்விகள். முன்பு எந்த மருந்துக்கு என்ன ஆனது? மருந்து கொடுத்து எவ்வளவு நேரத்தில்? அரிப்புடன் தடிப்புத் தடிப்பாக வந்ததா, உதடு வீங்கியதா, இளைப்பு வந்ததா? போன ஊசிக்குப் பின் என்ன ஆனது? நம் சிறுமிக்கு மூன்று வயதில் காய்ச்சலுக்கு அமாக்ஸிசிலின் கொடுத்து ஐந்தாம் நாள் அரிப்பில்லாத பொடிச் சிவப்பு வந்தது என்று அம்மா சொன்னால், அது பெரும்பாலும் வைரஸ் காய்ச்சலின் தோல் சிவப்பு. மருத்துவரிடம் சொல்லிவிட்டு பெனிசிலினைத் தொடரும் வாய்ப்பு அதிகம். மருந்து கொடுத்து ஒரு மணி நேரத்துக்குள் அரிப்புத் தடிப்பும் மூச்சிளைப்பும் வந்ததென்றால் ஊசியை நிறுத்தி, ஒவ்வாமை நிபுணரிடம் போகவேண்டும். "அவள் பெரியம்மாவுக்கு பெனிசிலின் ஒத்துக்காது" என்பது தடையல்ல.

உண்மையான ஆபத்தின் அளவு 1991ல் வெளியான பன்னாட்டு ஆய்வில் தெரிந்தது. 1,790 நோயாளிகளுக்குப் போட்ட 32,430 ஊசிகளில் உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை நான்கு, அதில் ஒரு மரணம். ஏதோ ஒரு வகை ஒவ்வாமை வந்தவர்கள் 100க்கு மூவர் அளவு. பயம் சிறியது என்றாலும் பூஜ்யமில்லை. அதனால் கடும் ஒவ்வாமையில் உயிர் காக்கும் அட்ரினலின் ஊசி போடும் அறையில் இருக்கிறதா என்பதுதான் பெற்றோர் கேட்கவேண்டிய முதல் கேள்வி. அதில்லாத இடத்தில் டெஸ்ட் போட்டாலும் இந்த ஊசியைப் போடக்கூடாது. அளவு 1 மில்லிலிட்டரில் 1 மில்லிகிராம் உள்ள அட்ரினலின், கிலோவுக்கு 0.01 மில்லிலிட்டர், தொடையின் வெளிப்பக்கச் சதையில். 26 கிலோவுக்கு ஏறத்தாழ 0.26 மில்லிலிட்டர், ஐந்து நிமிடத்தில் தெளியவில்லை என்றால் மறுபடி. அவில் என்ற அலர்ஜி மருந்தும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் அட்ரினலினுக்கு மாற்றல்ல.

ஊசிக்குப் பின் அரைமணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். அந்த அரைமணியில் மயக்கத்தையும் ஒவ்வாமையையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். பயத்தால் வரும் மயக்கம் குத்திய நொடிகளிலேயே வரும்: முகம் வெளுத்து வியர்க்கும், நாடி மெதுவாகும், படுக்கவைத்துக் காலைத் தூக்கினால் இரண்டு நிமிடத்தில் சரியாகும், தோலில் தடிப்பு இருக்காது. ஒவ்வாமையில் நாடி வேகமாகும், உடலெங்கும் அரிப்புத் தடிப்பு, குரல் கம்முதல், இளைப்பு, வாந்தி இவற்றில் ஒன்றிரண்டு சேர்ந்து வரும். மயக்கத்தைத் தவிர்க்க, வெறும் வயிற்றில் அழைத்து வராமல் சாப்பிடவைத்து, தண்ணீர் நிறையக் குடிக்கவைத்து அழைத்து வாருங்கள். தாமதமாக வரும் ஒவ்வாமையும் உண்டு. ஊசி போட்டு ஒரு வாரம் பத்து நாள் கழித்துக் காய்ச்சல், மூட்டுவலி, அரிப்புத் தடிப்பு வரலாம். ருமாட்டிக் காய்ச்சல் திரும்பிவிட்டது என்றே தோன்றும்; ஊசி போட்ட தேதியையும் தோல் தடிப்பையும் மருத்துவரிடம் சேர்த்துச் சொன்னால்தான் குழப்பம் தீரும்.

தேதி தவறினால்

ஊர்த் திருவிழாவோ பரீட்சையோ குறுக்கே வந்தால் இரண்டு மூன்று நாள் முன்னதாகப் போட்டுக்கொள்வதில் தீங்கில்லை, தள்ளிப்போடுவதில்தான் இருக்கிறது. தவறிவிட்டால் அடுத்த தவணைக்குக் காத்திருக்காமல் கிடைத்த முதல் நாளில் போட்டு, அந்தத் தேதியிலிருந்து சீட்டில் உள்ளபடி 21 நாளோ 15 நாளோ எண்ண வேண்டும். பென்சத்தீன் மருந்துக்கடையில் இருப்பில்லை என்று வாரக்கணக்கில் கைவிரிப்பதும் நடப்பதுதான். அப்போது ஊசி போடவேண்டிய நாளிலிருந்தே பெனிசிலின் வி 250 மில்லிகிராம் இரண்டு வேளை தொடங்கி, ஊசி கிடைக்கும் நாள் வரை கொடுக்கச் சொல்லி மருத்துவரிடம் முன்கூட்டியே ஒரு சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். சீட்டில் நோயின் பெயர், எடை, யூனிட் கணக்கு, லிக்னோகைன் அளவு, கடைசி ஊசி எந்தப் பக்கம் போட்டது என்பவை இருந்தால் வேறு ஊர் மருத்துவமனையிலும் கேள்வி கேட்காமல் போடுவார்கள்.